பீமின் இரண்டு முனையும் ஃபிக்ஸ்டு என்று எடுத்தால் நடுவில் கம்பியைக் குறைக்கலாமா? வீடு கட்டுகிறோம், இன்ஜினியர் அப்படித்தான் சொல்கிறார்.

உங்கள் பீம் செங்கல் சுவரில் உட்காரப்போகிறது என்று ஊகிக்கிறேன். நம்ம மாவட்டத்தில் பாதி வீடு அப்படித்தான். அப்படியென்றால் குறைக்காதீர்கள். இதே தப்பை நான் செய்தவன் என்பதால் சொல்கிறேன்.

தக்கலைப் பக்கம் ஒரு வீடு, நான் தனியாகப் போட்ட முதல் டிசைன். ஹாலுக்குக் குறுக்கே 5 மீட்டர் பீம், அகலம் 230, உயரம் 450 மி.மீ. எல்லாப் பாரமும் சேர்த்து மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் என்று வைத்தேன். முனைகள் சும்மா உட்கார்ந்திருந்தால், பீமை வளைக்கிற மொமென்ட் நடுவில் wL²/8, அதாவது 62.5 கிலோநியூட்டன்-மீட்டர்; w மீட்டருக்கு உள்ள பாரம், L நீளம். முனை துளியும் திரும்பாமல் பிடிபட்டிருந்தால், அதாவது ஃபிக்ஸ்டு என்றால், நடுவில் wL²/24, வெறும் 20.8. எனக்கு அதுதான் பிடித்தது.

மீதி 41.7 எங்கே போனது என்று பாருங்கள். அது ஆளுக்கு 41.7 ஆக இரண்டு முனைக்கும் போய்விட்டது (wL²/12), அதுவும் தலைகீழாக. பாரம் ஏறும்போது பீமின் முனை திரும்பப் பார்க்கும். தூண் அதைத் திரும்பவிடாமல் பிடித்தால், அந்தப் பிடிதான் நடுவை மேலே தூக்குகிறது. அதனால்தான் தொய்வும் ஐந்தில் ஒரு பங்காகிறது. என் பீமுக்கு விரிசல் விடாத நிலையில் கணக்குப் போட்டால் 4.2 மி.மீ. எங்கே, 0.8 மி.மீ. எங்கே! ஆனால் 62.5 அப்படியேதான் இருக்கிறது, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். முனையில் பீமின் மேல்பக்கம் இழுபடும். அந்த இழுப்பைத் தாங்க மேல்கம்பி வேண்டும். கம்பி பிடித்து நிற்க உள்ளே கெட்டியாக ஒன்று வேண்டும்.

என் வீட்டில் அந்தக் கெட்டியான ஒன்று 230 மி.மீ. செங்கல் சுவர்! மாடி இன்னும் எழும்பவில்லை, முனையை மேலிருந்து அழுத்தவும் ஒன்றுமில்லை. மேல்கம்பியைத் தாளில் ஒழுங்காகத்தான் வரைந்திருந்தேன். சைட்டில் அது சுவருக்குள் ஒரு சாண் போய் நின்றுவிட்டது.

நடுவில் கணக்குக்கு இரண்டு 12 மி.மீ. கம்பி போதும். மனசு கேட்காமல் மூன்று போட்டிருந்தேன். பீமுக்கு அடியில் கொடுத்திருந்த முட்டுகளைத் தளர்த்தியபோது அந்த மூன்றாவது கம்பிதான் மானத்தைக் காப்பாற்றியது. பீமின் அடியில், நடுப்பகுதியில் மட்டும், நேராக மேலேறும் மயிரிழை விரிசல்கள். சுவரின் உள்விளிம்பில் செங்கல் நசுங்கிப் பொடி உதிர்ந்தது. கொத்தனார் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "சாரே, முனை திரும்பியிருக்கு, பாத்தியளா" என்றார். படிக்காத மனுஷர், சரியான வார்த்தையைச் சொன்னார். முனை உண்மையில் பிடிபட்டு மேல்கம்பி மட்டும் போதாமல் இருந்திருந்தால், விரிசல் முனையருகே மேலிருந்து கீழே இறங்கியிருக்கும். விரிசல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தாலே போதும், பீம் தன்னை என்னவென்று நினைக்கிறது என்று தெரிந்துவிடும்.

முட்டுகளைத் திரும்ப இறுக்கிவிட்டு, ஹால் நடுவே அஸ்திவாரத்தோடு ஒரு தூண் எழுப்பினோம். தூண் வந்தால் அந்த இடத்தில் மேல்பக்கம் இழுபடும், ஆகவே மேலே ஓடிய இரண்டு கம்பி அதற்குப் போதுமா என்று பார்த்தபிறகே. போதுமாக இருந்தது. அந்த வீட்டம்மா இன்றும் அதில் காலண்டர் மாட்டியிருக்கிறார். நான் போகும்போதெல்லாம் காலண்டரைப் பார்ப்பதில்லை.

"கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 சுவருக்குள் செருகிய முனைக்கும் மொமென்ட் சொல்கிறதே" என்று யாராவது கமெண்ட்டில் வருவார்கள். சொல்கிறதுதான், Wl/24 (W என்பது மொத்தப் பாரம்). அந்த அரைகுறைப் பிடியால் மேலே விரிசல் விடாமலிருக்க அங்கே கம்பி போடச் சொல்கிறது. அதை வைத்து நடுக்கம்பியைக் குறைக்கச் சொல்லவில்லை. ஃபிக்ஸ்டு என்பதே பொய் என்றும் நான் சொல்லவில்லை. தூணோடு சேர்த்து வார்த்து, மேல்கம்பியைத் தூணுக்குள் மடக்கி இறக்கினால் ஓரளவு பிடிப்பு வரும். முழுப் பிடிப்பு அப்போதும் வராது, தூணும் கொஞ்சம் வளையும். எவ்வளவு என்பதைத் தூணையும் சேர்த்துப் போட்ட கணக்கு சொல்லும்.

இன்னொன்று. முகப்பு எப்படி இருக்கும் என்று கலர் படம் போட்டுத் தருகிறவருக்குப் பேரம் பேசாமல் காசு கொடுக்கிறார்கள். கம்பிக் கணக்குக்கு மட்டும் "ரெண்டு கோடுதானே சார், சும்மா போட்டுக் குடுங்க". இருபது வருஷமாக இதே பாட்டு.

சரி, உங்கள் இன்ஜினியரிடம் இதை மட்டும் கேளுங்கள்: "மேல்கம்பி முனையில் எதற்குள் போய், எவ்வளவு நீளம் மடங்குகிறது?" தூண் என்று சொல்லி நீளத்தையும் வரைபடத்தில் காட்டினால், அவர் சொன்ன குறைப்பைப் பற்றிப் பேசலாம். சுவர் என்றால் நடுவில் முழு wL²/8-க்கே கம்பி போடச் சொல்லுங்கள்.