78,000 எப்படி வந்தது? டர்ஃப் புக்கிங் தளத்தின் கொட்டேஷன் பற்றிக் கேள்வி பதில்

போன வாரம் நான் காட்டிய ப்ரொபோசலை வைத்து வந்த கேள்விகள் இவை. பார்க்காதவர்களுக்கு: இரண்டு கோர்ட் உள்ள ஒரு ஃபுட்பால் டர்ஃப். காலை 5 முதல் இரவு 1 வரை திறந்திருக்கும். நான் ப்ரொபோசல் போடும்வரை போனிலும் வாட்ஸ்அப்பிலும்தான் புக்கிங். ஓனருக்கு ஆன்லைன் புக்கிங் தளம் வேண்டும், விலையை முன்கூட்டியே முடிவாகச் சொல்ல வேண்டும். நான் சொன்னது ஒரே விலையாக 78,000 ரூபாய், நாள் கணக்கைக் காட்டவில்லை.

ஈரோட்டிலிருந்து ஒரு ஃப்ரீலான்சர்: "நாள் கணக்கா, குத்துமதிப்பா?"

நாள் கணக்குதான். ஸ்லாட், ரேட் விதிகளுக்கு 6 நாள். பணம் வாங்குவது, திருப்பித் தருவது 4. ஓனர் பயன்படுத்தும் பக்கங்கள் 5. வெளியே தெரியும் பக்கங்கள் 3. சோதித்து லைவ் செய்ய 3. பேச்சுவார்த்தைக்கு 3. மொத்தம் 24. என் நாள் ரேட் 3,000.

அதற்கு மேல் 2 நாள் சேர்த்தேன், ஆக 26. பலர் மொத்தத்தின் மீது கண்ணை மூடிக்கொண்டு இருபது சதவீதம் ஏற்றுவார்கள். எனக்கு அது பிடிக்காது. 'எங்களைப் பற்றி' பக்கத்தில் எந்த ஆபத்தும் இல்லை. இழுத்தடிப்பது ஸ்லாட்டும் பணமும்தான். அந்த 10 நாளுக்கு மட்டும் 2 நாள் கூட வைத்தேன்.

பேச்சுக்கு 3 நாளா என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஓனர் இரவு பத்தரைக்கு அனுப்பும் வாய்ஸ் மெசேஜ்களை எல்லாம் யார் கேட்பது?

திருச்சி, முதல் கொட்டேஷன் போடுபவர்: "கிளையன்ட் 'புக்கிங் வேணும், அவ்வளவுதான்' என்கிறார். ஸ்கோப்பில் என்ன எழுதுவது?"

அவர் இன்று எப்படி புக்கிங் எடுக்கிறார் என்று ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நான் ஒரு சனிக்கிழமை ஆறு மணியிலிருந்து எட்டு வரை உட்கார்ந்திருந்தேன். கவுண்டரில் ஒரு நீள நோட்டு. பக்கத்துக்கு ஒரு நாள், இரண்டு பத்தி, பென்சிலில் பெயரும் போன் நம்பரும். அட்வான்ஸ் வந்திருந்தால் பெயருக்குப் பக்கத்தில் டிக். ஏழு மணிக்கு ஒருவர் வந்து, "அண்ணே, ஒன்றரை மணி நேரமா ஆக்கிக்கலாமா?" என்றார். ஓனர் ரப்பரை எடுத்து அழித்து எழுதினார்.

அந்த ஒரு ரப்பரில் மூன்று ஸ்கோப் வரிகள் இருக்கின்றன. புக்கிங்கை நீட்டலாமா? ஒன்றரை மணி நேரம் உண்டா? கவுண்டரில் நடக்கும் மாற்றத்தை யார் தளத்தில் ஏற்றுவது?

மூன்றாவதை நான் ஒருமுறை எழுதாமல் விட்டுப் பட்டேன். வேறு ஒரு டர்ஃபில் தளம் ஓடத் தொடங்கிய இரண்டாவது ஞாயிறு, மாலை 6 மணி ஸ்லாட்டுக்கு இரண்டு அணிகள் வந்து நின்றன. ஒன்று ஆன்லைனில் பணம் கட்டியது. இன்னொன்று ஓனரின் மைத்துனரிடம் போனில் சொன்னது. அவர் நோட்டில் எழுதினார், தளத்தில் போடவில்லை. சாஃப்ட்வேரில் தப்பே இல்லை. ஆனால் போன் எனக்குத்தான் வந்தது, கடைசித் தவணையும் நின்றது.

அதனால் இப்போது என் ப்ரொபோசலில் இந்த வாக்கியம் அப்படியே இருக்கும்: "போனிலோ நேரிலோ வரும் புக்கிங்கை ஊழியர் அப்போதே தளத்தில் ஏற்ற வேண்டும். அதற்குப் பெயர், போன் நம்பர், நேரம் மூன்றை மட்டும் கேட்கும் ஒரு பக்கம் தரப்படும். ஏற்றாத புக்கிங்கால் வரும் மோதல் பிழைத் திருத்தத்தில் சேராது." அந்தப் பக்கம் மொபைலில் பத்து விநாடியில் முடிய வேண்டும். இல்லையென்றால் நோட்டுதான் ஜெயிக்கும்.

வெளியே வைத்தவற்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள்: மாதச் சந்தா, டோர்னமென்ட், கூப்பன், இரண்டாவது கிளை, மொபைல் ஆப்.

சென்னை, டெவலப்பர்: "டேட்டாபேஸில் ஒரு யுனிக் போட்டால் டபுள் புக்கிங் வராது. ஐந்து நிமிட வேலைக்கு ஏன் ஆறு நாள்?"

பாதி சரி. எல்லாப் புக்கிங்கும் மணிக்கு மணி, ஒரு மணி நேரம் என்றால் இது போதும்:

```
UNIQUE (court_id, starts_at)
```

6:00 முதல் 7:30 வரை ஒன்று, 7:00 முதல் 8:00 வரை ஒன்று. இரண்டின் தொடக்கமும் வேறு, ஆகவே இந்த விதி இரண்டையும் உள்ளே விடும். நான் நேரத்தை அரைமணித் துண்டுகளாக வெட்டினேன். ஒன்றரை மணி என்றால் மூன்று வரிசைகள், ஒரே ட்ரான்சாக்‌ஷனில். ஒன்று மோதினாலும் மூன்றும் ரத்து. கேன்சல் ஆனால் துண்டுகளை அழித்துவிட வேண்டும். புக்கிங் வரலாறு தனி டேபிளில் இருக்கும். துண்டை அழிக்காமல் 'கேன்சல்' என்று குறித்து வைத்தால் அந்த ஸ்லாட் யாருக்கும் கிடைக்காது.

அப்புறம் பணம் கட்டும் நேரம். ஒருவர் யுபிஐ பக்கத்தில் நிற்கும்போது ஸ்லாட்டை 10 நிமிடம் பிடித்து வைக்கிறோம். அவர் பணம் பன்னிரண்டாவது நிமிடம் வந்து சேர்கிறது, அதற்குள் வேறொருவர் எடுத்துவிட்டார். இப்போது என்ன? தானாக ரீஃபண்டா, ஓனர் போன் செய்து வேறு நேரம் தருவாரா? இது அவர் எடுக்க வேண்டிய முடிவு, அது எழுத்தில் இருக்க வேண்டும். ரீஃபண்ட் செய்தாலும் கேட்வே தன் கட்டணத்தைப் பொதுவாகத் திருப்பித் தராது. அது யார் தலையில் என்பதும் ஒரு வரி.

கடைசியாக, சனி இரவு 12 முதல் 1 வரை. காலண்டருக்கு அது ஞாயிறு, ஆட வருகிறவருக்கு அது சனி. இதற்கு மட்டும் எனக்கு அரை நாள் போனது.

திருவண்ணாமலை, லாட்ஜ் நடத்துபவர்: "எட்டு ரூம். பௌர்ணமிக்கு ரேட் மாறும். இதே தளத்தை எங்களுக்குப் போட முடியுமா?"

ரேட் மாறுவது பெரிய விஷயமில்லை. நீங்கள் ஏற்கனவே வெளி ஹோட்டல் புக்கிங் தளங்களிலும் ரூம் போட்டிருந்தால், எல்லா இடத்திலும் காலி ரூம் எண்ணிக்கை சேர்ந்து மாற வேண்டும். அதற்கென்றே சேனல் மேனேஜர் என்ற ரெடிமேட் சேவைகள் இருக்கின்றன, மாத வாடகைக்குக் கிடைக்கும். அதை எடுங்கள். புதிதாகக் கட்டச் சொல்லி என்னிடம் வராதீர்கள்.

பெயர் சொல்லாதவர்: "புக்கிங் வெப்சைட் எவ்வளவு ஆகும்?"

மேலே இருக்கிறது.

மதுரை, சிறிய நிறுவனம் நடத்துபவர்: "நாள் கணக்கைக் கிளையன்ட்டிடம் மறைக்கிறீர்கள் போலிருக்கிறது. அது நேர்மையா?"

மறைக்கவில்லை, கொடுக்கவில்லை. ஒருமுறை கொடுத்தேன். கிளையன்ட் பேனாவை எடுத்து 'சோதனை, 3 நாள்' என்பதை அடித்தார். "நாங்களே பார்த்துக்கிறோம் தம்பி, 9,000 குறைச்சிடுங்க." நான் தருவது எந்த வேலைக்கு என்ன கிடைக்கும் என்ற பட்டியலும், ஒரே விலையும்.

அதே மதுரைக்காரர்: "என் கிளையன்ட்கள் கம்பெனிகள். பிரிப்பு இல்லாத கொட்டேஷனை அக்கவுன்ட்ஸ் திருப்பி அனுப்பிவிடும்."

அங்கே கொடுங்கள். ஆனால் நாளாக இல்லாமல் கட்டமாகக் கொடுங்கள். சோதனையைத் தனி வரியாக வைக்காமல் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சேர்த்துவிடுங்கள்.

கோவை, டிசைனர்: "நான் எப்போதும் முழுப் பிரிப்பும் தருகிறேன். யாரும் அடித்ததில்லை. பட்ஜெட் குறைந்தால் எதை எடுக்கலாம் என்று பேசவும் வசதி. நீங்கள்தான் கிளையன்ட்டை நம்புவதில்லை."

இருக்கலாம். நீங்கள் எடுக்கும் வேலையில் லோகோ வேண்டாம் என்று எடுத்தால் மீதி நிற்கும். இதில் ரீஃபண்டை எடுத்தால் மீதி ஓடாது. பட்ஜெட் குறைந்தால் நான் விலையைக் குறைப்பதில்லை, ஸ்கோப்பைக் குறைக்கிறேன். இந்த ஓனருக்கே இரண்டாவது வழி ஒன்று எழுதினேன்: ஆன்லைன் பணம் கிடையாது, ஸ்லாட் கேட்டால் ஊழியர் ஒப்புதல் தருவார். பணத்துக்கான 4 நாளும் ஸ்லாட் பகுதியில் 2 நாளும் போய்விடும், கூட வைத்த 2 நாள் ஒரு நாளாகக் குறையும். 7 நாள் குறைந்து 57,000. அவர் பெரியதையே எடுத்தார்.

அதே டிசைனர்: "அப்படியென்றால் இரண்டு வழிக்கும் இடையிலுள்ள வித்தியாசத்திலேயே உங்கள் பிரிப்பு தெரிந்துவிடுகிறதே?"

ம். அது உண்மைதான். யோசிக்கிறேன்.

சேலம்: "தவணை எப்படிப் பிரித்தீர்கள்? கடைசிப் பணம் லைவ் ஆன பிறகா?"

தொடங்கும்போது 31,200, நடுவில் ஓட்டிக் காட்டும்போது 23,400, மீதி 23,400. கடைசித் தவணையை 'லைவ் ஆன அன்று' என்று எழுதாதீர்கள். கேட்வே கணக்கு திறக்க ஓனரின் பான், வங்கிக் கணக்கு, தொழில் ஆவணங்கள் எல்லாம் பொருந்த வேண்டும். தளத்தில் ரீஃபண்ட் கொள்கை, தொடர்பு விவரப் பக்கங்களும் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் தொழில் அப்பா பெயரில், கணக்கு மகன் பெயரில். ஐந்து வாரம் போனது. வேலையோ முதல் வாரமே முடிந்திருந்தது.

என் வரி: "டெஸ்ட் மோடில் பின்வரும் ஏழு சோதனைகளும் ஓடியதும் கடைசித் தவணை." அதில் ஒன்று, இரண்டு போனில் ஒரே ஸ்லாட்டை ஒரே நேரத்தில் அழுத்திப் பார்ப்பது. ஓனரையே அழுத்தச் சொல்வேன். இன்னொன்று, பணம் கட்டிய உடனே பிரவுசரை மூடிவிடுவது. அப்போதும் புக்கிங் உறுதியாக வேண்டும்.

டொமைனும் ஹோஸ்டிங்கும் ஓனர் பெயரில், ஓனர் கார்டில். 78,000-க்குள் அவை இல்லை, எஸ்எம்எஸ் செலவும் இல்லை.

நெல்லை: "ஜிஎஸ்டி சேர்த்தா?"

பதிவு செய்திருந்தால் 18 சதவீதம் தனியாக: 14,040 சேர்த்து 92,040. பதிவு இல்லையென்றால் வசூலிக்கவே கூடாது. 'வரி தனி' என்ற வார்த்தையை முதல் பக்கத்திலேயே, விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். மற்றதை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

இன்னொருவர்: "சலூனுக்கு புக்கிங் சைட், தோராயமாக எவ்வளவு?"

எத்தனை நாற்காலி, போனில் வரும் புக்கிங்கை யார் ஏற்றுவார்? இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு கேளுங்கள்.

தஞ்சாவூர்: "வேலை பாதி முடிந்தது. 'மாதச் சந்தாக்காரர்களுக்குச் செவ்வாய் தோறும் 7 மணி ஸ்லாட் ரிசர்வ் ஆகணும், சின்ன வேலைதானே' என்கிறார். ஸ்கோப்பில் இல்லை. மறுத்தால் உறவு கெடும்."

மறுக்க வேண்டாம், விலை சொல்லுங்கள். அதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். சந்தாக்காரர் ஒரு செவ்வாய் வரவில்லை என்றால் அந்த ஸ்லாட்டை விற்கலாமா? எத்தனை மணி நேரம் முன் சொல்ல வேண்டும்? மாதத்தில் ஐந்து செவ்வாய் வந்தால்? ஏற்கனவே வேறொருவர் புக் செய்த செவ்வாய்க்கு என்ன செய்வது? என் ஓனர் மூன்றாவது கேள்வியில், "அதை நோட்டிலேயே வெச்சுக்கிறேன்" என்றார். சந்தாக்காரர்களின் நேரத்தை மட்டும் மாதத் தொடக்கத்தில், போன் புக்கிங் ஏற்றும் அதே பக்கம் வழியாக ஊழியர் ஏற்றிவிடுகிறார். மொத்தம் ஆறு பேர்தான்.