மகனின் கைப்பேசியில் படித்தது

அன்புள்ள டீச்சர்,

மகனுக்கு 16 வயது, படிவம் நான்கு. போன வாரம் டியூஷன் நேரம் பார்க்க அவன் கைப்பேசியைத் திறந்தபோது, கூடப் படிக்கும் பையனுக்கு அவன் அனுப்பிய புலனச் செய்திகளைப் படித்துவிட்டேன். ‘நீ வராத அன்னைக்கு ஸ்கூல்ல உட்காரவே முடியல’, ‘உன்ன பிடிச்சிருக்கு, ஃப்ரெண்டா மட்டும் இல்ல’ என்றெல்லாம் இருக்கிறது. அந்தப் பையன் ஒரு சிரிப்பு எமோஜி மட்டும் போட்டிருக்கிறான். கணவர் மூன்று நாளாக மகனோடு பேசவில்லை. அந்தப் பையனின் அப்பாவிடம் பேசுவதா, மனநல மருத்துவரிடம் காட்டுவதா? நாங்கள் படித்தது மகனுக்குத் தெரியாது.

ஒரு தாய், பட்டர்வொர்த்

வணக்கம் அம்மா.

அந்த அப்பாவைக் கூப்பிடாதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த பள்ளியில் ஒரு குடும்பம் கூப்பிட்டது (அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன்). வெள்ளிக்கிழமை இரவு போன் போனது, அங்கே அந்தப் பையனுக்கு அடி விழுந்தது, அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்தச் செய்திகளைப் படம் பிடித்து வகுப்புப் புலனக் குழுவில் போட்டுவிட்டான். திங்கட்கிழமை காலை சபைகூடல் முடிவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் செய்தி எழுதிய பையனுக்குத் தினமும் வயிற்றுவலி, இரண்டு மாதம் பள்ளிக்கு வரவேயில்லை. பெற்றோர் அந்த ஆசைதான் பிள்ளையைக் கெடுத்தது என்றார்கள். என் அறையில் உட்கார்ந்து அவன் சொன்னது வேறு: “அப்பா சொல்லாட்டி யாருக்குமே தெரிஞ்சிருக்காது டீச்சர்.”

எதிரில் இருப்பவர் யார் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இணையத்தில் பழக்கமான பெரியவர், படம் கேட்கிறார், வீட்டில் சொல்லாதே என்கிறார் என்றால் அது ஆணா பெண்ணா என்பதே கேள்வி இல்லை. பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கு 2017-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது, எதையும் அழிக்காமல், யாருக்கும் அனுப்பாமல் நேரே போலீசுக்குப் போக வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஒரு பையன் தைரியமாக மனதைச் சொல்லியிருக்கிறான், பதிலுக்கு வந்தது ஒரு சிரிப்பு எமோஜி. அவன் இப்போது முகம் வாடித் திரிந்தால் அதற்குக் காரணம் அந்த எமோஜியாகக்கூட இருக்கலாம். ஒரு பெண்ணுக்கு எழுதியிருந்தால், “அடுத்த வருஷம் எஸ்பிஎம் இருக்கு, ஞாபகம் இருக்கா?” என்று ஒரு அதட்டலோடு விட்டிருப்பீர்கள் இல்லையா?

மருத்துவரிடம் காட்ட இதில் நோய் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 1990-லேயே ஓரினவிருப்பத்தை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பத்து தடவை வந்தால் மாற்றிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால், சாமியாரோ கோட்டு போட்டவரோ, பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். அதனால் விருப்பம் மாறுவதில்லை, பிள்ளைக்குத் தன்மேல் வெறுப்புத்தான் வருகிறது.

படித்ததை நீங்களே சொல்லிவிட வேண்டும். தெரியாது என்கிறீர்கள், ஆனால் அப்பா மூன்று நாளாகப் பேசாத வீட்டில் பிள்ளை எதையெதையோ ஊகித்துக்கொண்டிருப்பான். காரில் பேசலாம், முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் பையன்களுக்கு அது சுலபம். ஆனால் பினாங்குப் பாலத்தில் வேண்டாம், அங்கே அவனால் இறங்க முடியாது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இவ்வளவு சொன்னால் போதும்: “உன் மெசேஜைப் படிச்சிட்டேன்யா. கேக்காமப் படிச்சது என் தப்பு. எனக்கு உன்மேல கோபம் இல்ல. இது வெளிய போகாது. பேசணும்னு தோணும்போது பேசு.” அவன் கதவைத் திறந்து போனால் போகட்டும், பின்னாலேயே போகாதீர்கள். “நீ அந்த மாதிரியா?” என்று கேட்க வேண்டாம். “வயசுக் கோளாறு, போயிடும்” என்றும் சொல்ல வேண்டாம். போகலாம், போகாமலும் இருக்கலாம், அது அவனுக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம்.

ஊர், சட்டம் என்று உங்களுக்கு இருக்கும் பயம் நியாயமானது. நம் தண்டனைச் சட்டம் செயலைத்தான் சொல்கிறது, ஒருவர்மேல் விருப்பம் வருவதை அல்ல. ஆனாலும் ஊர் வாய் சட்டம் பார்த்துப் பேசாது. அதனால் யாரிடம் சொல்வது, எதை எழுதுவது என்பதில் கவனமாக இருக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டிய விஷயம் என்பதுபோல் சொல்லிவிடாதீர்கள். பள்ளியில் பேசுவதானால் அவன் சம்மதத்தோடு ஆலோசக ஆசிரியரிடம் மட்டும். கட்டொழுங்கு ஆசிரியரிடம் போனால் இது வழக்காகிவிடும். ஆலோசகரிடமும் பெயர் சொல்லும் முன், நான் சொல்வதை எழுதி வைப்பீர்களா, யாருக்கெல்லாம் தெரிவிப்பீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.

தூக்கம், சாப்பாடு கெட்டு, பந்து விளையாடுவதையும் விட்டுவிட்டு, ‘நான் இல்லன்னா நல்லா இருப்பீங்க’ என்கிற மாதிரிப் பேசினால் மட்டும் காத்திருக்காதீர்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனம் உடைந்தவர்கள் பேசுவதைக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, நள்ளிரவிலும் எடுப்பார்கள்.

உங்கள் கணவரை இப்போதே இதைப் பேச வைக்க வேண்டாம். இந்த ஞாயிறு காலை மகனை எழுப்பி ரொட்டி சானாய் சாப்பிடக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். பந்து விளையாட்டைப் பற்றி ஏதாவது பேசட்டும், எப்போதும் பேசுகிற மாதிரி.