தொழில் சரிவுக்குப் பின் வங்கியிடம் தவணை மாற்றம் கேட்பது: கேள்வி பதில்

(பதில் அளிப்பவர், வங்கியின் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)

திருப்பூர், பனியன் தையல் யூனிட்: ஐயா, ஏற்றுமதி ஆர்டர் பாதியில் நின்றுவிட்டது. இரண்டு தவணை கட்டவில்லை. வட்டியோடு சேர்த்து 18 லட்சம் பாக்கி. 12 சதவீத வட்டி, இன்னும் 36 மாதம், மாதத் தவணை 59,800. செலவு போக இப்போது 30,000 மிஞ்சுகிறது. கடிதத்தில் என்ன எழுதுவது?

பதில்: முதலில் நாளைக் கணக்கிடுங்கள். மிகப் பழைய நிலுவை 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகிவிடும். உங்களுடையது இரண்டாவது மாதத்தில் இருப்பதால் இந்த வாரமே கடிதம் போக வேண்டும். சிறு தொழில்களின் நலிவைக் கையாள 2016இல் ரிசர்வ் வங்கி வகுத்த நடைமுறைப்படி, 10 லட்சத்துக்கு மேற்பட்ட கடன்கள் வங்கியின் குழுவுக்குச் செல்லும் என்பதால், உத்யம் பதிவுச் சான்றையும் இணைத்து, அந்த நடைமுறையைக் கடிதத்தில் குறிப்பிட்டு, அதன் கீழ் பரிசீலிக்கும்படி கேளுங்கள்.

வருத்தத்தை விவரிக்க இரண்டு வரி போதும். ஆர்டர் ரத்தான மின்னஞ்சல், அதற்கு முன்னும் பின்னுமான ஜிஎஸ்டி ரிட்டன்கள், வரவேண்டிய பாக்கிப் பட்டியல், கையில் உள்ள புது ஆர்டர்கள் ஆகியவைதாம் பேச வேண்டும். அதன்பின் அட்டவணையை இப்படி எழுதலாம்:

"முதல் 6 மாதங்கள் வட்டி மட்டும், மாதம் 18,000 ரூபாய், அடுத்த 12 மாதங்கள் 40,000 ரூபாய், அதன்பின் 36 மாதங்கள் 50,500 ரூபாய் வீதம் செலுத்தி, மொத்தம் 54 மாதங்களில் கடனை முடிக்க அனுமதி கோருகிறேன்."

30,000 மிஞ்சும்போது 18,000 மட்டும் சொல்வது, ஒரு பில் தாமதமானாலும் தவணை தவறாமல் இருப்பதற்காகத்தான். 40,000 என்ற கட்டத்துக்கு எந்த ஆர்டரிலிருந்து பணம் வரும் என்பதை ஒரு தாளில் மாதவாரியாகக் காட்டாவிட்டால், அதிகாரி அந்த வரியைத்தான் முதலில் அடிப்பார். பழைய கணக்கைவிட மொத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கூடுதலாகக் கட்டுவீர்கள் என்பதையும் தெரிந்தே கையெழுத்திடுங்கள்.

ஈரோடு, விசைத்தறி: தவணையை மாற்றி மறுசீரமைப்பு செய்தால் கணக்கு வாராக்கடன் ஆகாது, சிபில் கெடாது என்று எங்கள் ஆடிட்டர் உறுதியாகச் சொல்கிறாரே?

பதில்: அவர் 2019ஆம் ஆண்டுச் சலுகையையும் கொரோனாக் காலச் சலுகையையும் மனத்தில் வைத்துப் பேசுகிறார், வாராக்கடன் ஆகாது என்பது அப்போது சரி. சிறப்புச் சலுகை எதுவும் இல்லாத காலத்தில், ஒழுங்காக இருந்த கணக்கும் மறுசீரமைத்த உடனேயே வாராக்கடனாகத் தரம் இறக்கப்படும், கடன் அறிக்கையிலும் அது பதிவாகும். புதிய அட்டவணைப்படி ஓராண்டு ஒழுங்காகக் கட்டிய பிறகே தரம் மீளும். அந்த ஓராண்டு, அசல், வட்டி இரண்டில் எது பிந்தித் தொடங்குகிறதோ அன்றிலிருந்துதான் ஓடும். அதனால்தான் அசலுக்கு ஓராண்டு விடுப்பு கேட்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூன்று மாதத்தில் நிலுவையை நேர்செய்ய முடிந்தவர், விதிமுறைகளை மாற்றாமல், நிலுவையை ஒழுங்குபடுத்த அவகாசம் மட்டும் கேட்பது நல்லது.

மதுரை: எனக்கு நகைக்கடன் ஐயா, அதற்கும் இந்தக் குழுவிடம் போகலாமா? ஏல நோட்டீஸ் வந்திருக்கிறது.

பதில்: இந்தக் குழு தொழில் கடனுக்கானது. நீங்கள் நோட்டீஸில் உள்ள தேதிக்கு முன் கிளைக்கு நேரில் சென்று, வட்டியைக் கட்டி நகையை மறு அடமானம் வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

கோவை, வார்ப்பாலை: மேலாளரிடம் மூன்று முறை வாயால் சொன்னேன், "பார்க்கலாம்" என்றார். இப்போது பாக்கியை 60 நாளில் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது. நான் முன்பே கேட்டேன் என்பது செல்லுமா?

பதில்: வாய்ப்பேச்சுக்குக் கோப்பில் இடமில்லை. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், முன்பு சொன்ன 2016ஆம் ஆண்டு நடைமுறை வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று சொன்ன அதே தீர்ப்பில், கணக்கு வாராக்கடனாகும் முன்பே கடன்தாரர் தாம் சிறு தொழில் என்பதை ஆதாரத்தோடு வங்கிக்குத் தெரிவித்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. எழுத்தில் ஏதாவது அனுப்பியிருக்கிறீர்களா, குறைந்தபட்சம் உத்யம் சான்றை மின்னஞ்சலில் கொடுத்தீர்களா என்று தேடிப் பாருங்கள். எப்படியாயினும் நோட்டீஸுக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். கொடுத்தால் 15 நாளுக்குள் வங்கி காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் வழக்கில் இது எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதைத் தாள்களைப் பார்த்த வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும்.

திருப்பூர், முன்பு கேட்டவர்: கடிதத்தை வாங்கிக்கொள்ளவே மறுத்தால்?

பதில்: இரண்டு பிரதி எடுத்துச் சென்று, ஒன்றில் தேதியோடு கிளையின் முத்திரை கேளுங்கள். மறுத்தால் அன்றே ஸ்பீட் போஸ்டில் கிளைக்கும் மண்டல அலுவலகத்துக்கும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வரும்வரை முன்மொழிந்த 18,000ஐ மாதந்தோறும் கணக்கில் போட்டுவாருங்கள். அது 90 நாள் கணக்கை நிறுத்தாது, ஆனாலும் குழு முதலில் புரட்டுவது அந்த ஸ்டேட்மெண்டைத்தான்.