3ஆம் நாள் நெகட்டிவ், 6ஆம் கிழமை பொசிட்டிவ்: எந்த றிப்போட் சரி?

"அம்மாவுக்கு 54 வயது, யாழ்ப்பாணம். காய்ச்சல் தொடங்கி 3ஆம் நாள் எடுத்த சிக்குன்குனியா றிப்போட்டில ஐஜிஎம், ஐஜிஜி ரெண்டும் நெகட்டிவ். இப்ப 6 கிழமை. விரல், கணுக்கால் மூட்டு நோ போகேல்லை. திரும்ப எடுத்தா ரெண்டும் பொசிட்டிவ். எது பிழை?"

இரண்டுமே சரி. முதல் றிப்போட்டை எறிந்துவிடாதீர்கள், அதுதான் இங்கே பெறுமதியானது.

ஐஜிஎம், ஐஜிஜி இரண்டும் வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் பிறபொருளெதிரிகள். ஐஜிஎம் இரத்தத்தில் தெரியவர காய்ச்சல் தொடங்கி 4 முதல் 7 நாள் வரை செல்லும். ஐஜிஜி அதற்கும் பிந்தி, பெரும்பாலும் இரண்டாம் கிழமையில்தான் வரும். 3ஆம் நாளில் வைரஸ் இரத்தத்தில் இருக்கும், ஆனால் இந்தப் பிறபொருளெதிரிகள் இன்னும் உருவாகியிராது. அந்த நாளில் கேட்டிருக்க வேண்டியது வைரஸையே நேரடியாகத் தேடும் பிசிஆர் சோதனை.

ஐஜிஜி ஒருமுறை வந்தால் பல வருடம் நிற்கும். 2006-07இல் யாழ்ப்பாணத்தில் சிக்குன்குனியா பரவியது. அப்போது வந்துபோன ஒருவருக்கு இன்றைக்கு எந்த மூட்டு நோ என்றாலும் ஐஜிஜி பொசிட்டிவ் காட்டலாம். அதனால் அதைத் தனியே வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உங்கள் அம்மாவுக்கோ 3ஆம் நாளில் ஐஜிஜி இருக்கவில்லை, 6ஆம் கிழமையில் இருக்கிறது. ஆகவே பழைய தொற்று அல்ல, இந்தக் காய்ச்சல்தான் அது. முதல் றிப்போட் இல்லாவிட்டால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க ஏலாது.

மாறாக, 6ஆம் கிழமையில் ஐஜிஎம் நெகட்டிவ், ஐஜிஜி மட்டும் பொசிட்டிவ் என்று வந்திருந்தால் நான் பழைய தொற்றைத்தான் நினைப்பேன், நோவுக்கு வேறு காரணம் தேடச் சொல்வேன். ஐஜிஎம் பொதுவாக சில மாதம் நிற்கும்; ஆறு கிழமைக்குள் மறைவது வழமையல்ல. ஆனால் அந்த முடிவு ஆய்வுகூடத்தில் செய்யும் எலைசா சோதனையில் வந்ததா, விரைவுப் பட்டியில் வந்ததா என்று பாருங்கள். பட்டி சில பொசிட்டிவ்களைத் தவறவிடும்.

ஐஜிஎம் மட்டும் மெல்லிய பொசிட்டிவாக வந்தால் இன்னொரு சிக்கல். முடக்குவாதக்காரர் பலரில் காணப்படும் ருமற்றொயிட் ஃபாக்டர் என்ற பிறபொருளெதிரி இரத்தத்தில் இருந்தால் சில கிட்களில் பொய்யான ஐஜிஎம் பொசிட்டிவ் வரும். முடக்குவாதக்காரருக்கு சிக்குன்குனியா என்று முத்திரை குத்துப்படுவது இப்படித்தான். அந்த நிலையில் 2, 3 கிழமை கழித்து ஐஜிஜியைப் பார்த்தால் தெளியும்: உண்மையான தொற்றென்றால் அதுவும் பொசிட்டிவாகியிருக்கும்.

ஐஜிஎம் இன்னும் இருக்கிறது என்பதற்காக வைரஸ் உயிரோடு இருக்கிறது என்று பொருளில்லை. ஐஜிஎம் அளவு இறங்குவதும் நோ குறைவதும் சேர்ந்து நடப்பதில்லை, ஆகவே மாதாமாதம் காசு கொடுத்துத் திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள். 3 மாதம் தாண்டியும் மூட்டு வீங்கி, காலையில் விறைத்திருந்தால் வாதநோய் கிளினிக்கில் காட்டி முடக்குவாதமா என்று அறிய உதவும் அன்ரி-சிசிபி சோதனையைப் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது திகதிகளுடன் இரண்டு றிப்போட்டையும் கொண்டுபோங்கள்.