போன் நேர்காணலில் முதல் ஒரு நிமிடம்

"அடுத்த வாரம் எனக்கு போனிலேயே நேர்காணல். வீடியோ கிடையாது. மூன்று வருடமாக ஒரு குடோனில் ஸ்டாக் கணக்கு பார்க்கிறேன். தினமும் ஒரு வரிசை சரக்கை எண்ணும் முறையை அங்கே கொண்டுவந்ததே நான்தான். நேரில் என்றால் முகத்தைப் பார்த்துப் பேசிச் சமாளித்துவிடுவேன். போன தடவை போனில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றார்கள். பேசிக்கொண்டிருந்தபோது எதிர்முனையில் சத்தமே இல்லை. கேட்கிறார்களா இல்லையா என்று புரியாமல் பேசிக்கொண்டே போய்விட்டேன். எப்படி அறிமுகம் செய்துகொள்வது?"

அந்த அமைதிக்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான் இருக்கும். நீங்கள் சொல்வதை அவர் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார், அல்லது தட்டச்சு சத்தம் உங்களுக்குக் கேட்க வேண்டாம் என்று தன் பக்கம் மியூட் போட்டிருப்பார். நேரில் அவர் தலையசைத்தால் 'சரி, புரிந்தது, அடுத்தது' என்று உங்களுக்குத் தெரியும். போனில் அந்தச் சைகை வராது என்பதால், எங்கே நிறுத்துவது என்பதை நீங்களே முன்கூட்டி முடிவுசெய்துகொள்ள வேண்டும். பலர் முதல் வரியைத்தான் பத்து தடவை ஒத்திகை பார்ப்பார்கள். நான் கடைசி வரியை முதலில் தயார் செய்யச் சொல்வேன்.

அந்தக் கடைசி வரி ஒரு கேள்வியாக இருக்கட்டும். கேள்வி கேட்டுவிட்டால் அடுத்து பேச வேண்டியது அவர்தான் என்று இருவருக்கும் தெளிவாகிவிடும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்தே ஓர் அறிமுகம் அமைத்துப் பார்க்கலாம்:

"வணக்கம். என் பெயர் இன்னது. மூன்று வருடமாக ஒரு குடோனில் ஸ்டாக் கணக்கு பார்க்கிறேன். சரக்கு வரவு, சரக்கு அனுப்புதல், மாதக் கடைசியில் இருப்புச் சரிபார்ப்பு, இந்த மூன்றும் என் பொறுப்பு. இதில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். முன்பு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக எண்ணுவோம். இப்போது தினமும் ஒரு வரிசையை எண்ணுகிறோம். அந்த முறையை நான் கொண்டுவந்தேன். கணக்கில் வித்தியாசம் இருந்தால் மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டியதில்லை. என்னைப் பற்றி இவ்வளவுதான். இந்த எண்ணும் முறையை விரிவாகச் சொல்லட்டுமா?"

நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். படிப்பு, பொழுதுபோக்கு எதுவும் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். படிப்பு விவரம் அவர் முன்னால் இருக்கும் விண்ணப்பத்திலேயே இருக்கிறது. "இந்த மூன்றும்", "ஒரு விஷயத்தை மட்டும்" என்ற சொற்களைக் காரணத்தோடுதான் போட்டிருக்கிறேன். நேரில் விரல்விட்டுக் காட்டுவதை இங்கே வாயால் சொல்கிறோம். எத்தனை விஷயம் வரப்போகிறது என்று தெரிந்தால் கேட்பவர் தடம் மாறாமல் வருவார்.

அடுத்து குரல். இதில் தமிழில் பேசுபவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. செய்தீர்களா இல்லையா என்பதே அந்தக் கடைசி அசைகளில்தான் இருக்கிறது. மூச்சு தீர்ந்து குரல் தாழ்வதும் சரியாக அதே இடத்தில்தான். போனில் இருக்கும் இரைச்சல் குறைப்பு வசதி, தாழ்ந்த குரலைச் சில சமயம் இரைச்சல் என்றே எடுத்துக்கொண்டு வெட்டிவிடும். "பார்த்திருக்கிறேன்" என்று நீங்கள் சொன்னதில் "பார்த்தி..." மட்டும் அங்கே போய்ச் சேரும். சத்தமாகப் பேசுவது இதற்குத் தீர்வாகாது. கத்தினால் ஒலி உடைந்து கேட்கும். வாக்கியத்தைச் சுருக்குங்கள், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் புது மூச்சு எடுங்கள். மேலே உள்ள மாதிரியில் வாக்கியங்கள் சின்னதாக இருப்பதன் காரணம் இதுதான்.

பெயரிலும் இன்ஷியலிலும் வேறொரு சிக்கல். பழைய வகைத் தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். 'எஸ்', 'எஃப்' இரண்டையும் பிரித்துக் காட்டும் சீறல் ஒலியின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. எனவே எதிர்முனையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே கேட்கும். இப்போதைய 4ஜி அழைப்புகள் இதைவிட விரிந்த ஒலியைக் கடத்தக்கூடியவை. ஆனால் அவர் பக்கம் எந்த இணைப்பு என்பது நம் கையில் இல்லை. வணக்கம் சொல்லி ஒரு நொடி விட்டுப் பெயரைச் சொல்லுங்கள். கேட்பவரின் காது உங்கள் குரலுக்குப் பழகுவதற்கு முன்பே பெயர் ஓடிவிடக் கூடாது. ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்தால் 'ஃபிப்டீன்', 'ஃபிப்டி' போன்ற எண்களிலும் குழப்பம் வரும். "ஒன், ஃபைவ்" என்று ஒவ்வோர் இலக்கமாகவும் சொல்லிவிடுவது நல்லது.

சிரித்த முகத்தோடு பேசச் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. உதடு விரியும்போது குரல் வெளிவரும் பாதையின் நீளம் சற்றுக் குறைவதால் ஒலியின் தன்மை மாறும், அது காதுக்குத் தெரியும். அதற்காக முழு நிமிடமும் சிரித்துக்கொண்டே பேசினால் விளம்பரக் குரலாகிவிடும். வணக்கத்திலும் கடைசிக் கேள்வியிலும் சிரித்தால் போதும்.

எழுதி வைத்துப் படிப்பதும் வேண்டாம். படிக்கும் குரலில் இடைவெளிகள் எல்லாம் ஒரே அளவில் விழும். முகம் தெரியாதபோது அது இன்னும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். ஒரு துண்டுத் தாளில் நான்கு சொற்கள் எழுதுங்கள்: பெயர், பொறுப்பு, எண்ணுதல், கேள்வி. மற்றதை அந்த நேரத்தில் வரும் சொற்களிலேயே சொல்லுங்கள்.

ஒத்திகைக்குப் பலரும் போனில் பதிவு செய்து கேட்கிறார்கள். அந்தப் பதிவு தொலைபேசி இணைப்பு வழியாகப் போவதில்லை, அதனால் எதிர்முனையில் எப்படிக் கேட்கிறது என்பதை அது காட்டாது. நேர்காணல் அன்று எந்த இடத்தில், எந்த ஹெட்செட்டில் பேசப்போகிறீர்களோ அங்கிருந்தே ஒரு நண்பருக்கு அழைத்துப் பேசுங்கள். உங்கள் வேலை பற்றி அவ்வளவாகத் தெரியாதவராக இருந்தால் நல்லது. பேசி முடித்ததும் பெயர், பொறுப்புகள், நீங்கள் கொண்டுவந்த மாற்றம் மூன்றையும் அவர் எழுதட்டும். எது தவறாக வருகிறதோ அந்த வாக்கியத்தை மட்டும் மாற்றுங்கள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசாதீர்கள். அறையின் எதிரொலியும் சேர்ந்து போகும்.

சரி, கடைசிக் கேள்வியையும் கேட்டுவிட்டீர்கள், பதில் இல்லை. என்ன செய்வது? அழைப்பில் எப்போதும் சிறு தாமதம் உண்டு. அவர் எழுதி முடிக்கவும், மியூட்டை எடுக்கவும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அதற்குப் பிறகும் அமைதி என்றால், "என் குரல் கேட்கிறதா?" என்று ஒரு தடவை கேளுங்கள். "ஹலோ, ஹலோ" வேண்டாம். பதற்றம் தெரியும், தாமதத்தால் அவர் பதிலோடு மோதவும் செய்யும். இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிட்டால் "சொல்லுங்க" என்று விட்டுவிட்டு முழுமையாக நிறுத்திவிடுங்கள்.

பாதியில் அழைப்பு துண்டித்துப் போனால், மறுபடி வணக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. "தினமும் எண்ணும் முறையைச் சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவரை கேட்டதா?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லும் இடத்திலிருந்து தொடருங்கள்.