படத்திலிருந்து பெயர்த்த தமிழைத் திரைவாசிப்பான் துண்டு துண்டாகப் படிப்பது

“மருந்து லேபிளைப் படமெடுத்தால் தமிழாக்கித் தரும் வலைச் செயலி செய்கிறேன். திரைவாசிப்பான் துண்டு துண்டாகப் படிக்கிறது, சில இடத்தில் பேசாமலே போகிறது. என்ன செய்யலாம்?”

வணக்கம். துண்டாவதற்குக் காரணம் பெரும்பாலும் மொழிபெயர்ப்புக்கு முந்தைய படியில் இருக்கும். எழுத்துணரி, லேபிளில் வரி எங்கே மடங்குகிறதோ அங்கேயே உரையை வெட்டித் தருகிறது. “உணவுக்குப் பின் 5 மிலி குடிக்கவும்” என்ற பொருளுள்ள ஆங்கில வாக்கியம் இரண்டு வரியில் இருந்தால், வினை முதல் வரியிலும் “உணவுக்குப் பின்” அடுத்த வரியிலும் விழும்; தமிழில் வினை கடைசியில் வரவேண்டியதால், வரிவரியாகப் பெயர்த்தால் எந்த வரியும் முழுமையாகாது. ஆகவே முதலில் வரிகளை வாக்கியமாக இணைத்து, பிறகு பெயர்த்து, முழுவதையும் ஒரே பத்தியாக வையுங்கள். படத்தின் மேல் அடுக்கிக் காட்டும் வரிகளுக்கு `aria-hidden="true"` கொடுத்துவிட்டால் இரட்டை வாசிப்பும் வராது.

பேசாமல் போவதற்கு முதலில் `lang` பண்பைப் பாருங்கள். பக்கம் `en` என்றிருந்தால் ஆங்கிலக் குரலிடம் தமிழ் எழுத்து போய்ச் சேரலாம்.

```html
<p lang="ta">உணவுக்குப் பின் 5 மில்லிலிட்டர், ஒரு நாளில் 2 முதல் 3 முறை குடிக்கவும்.</p>
```

“மிலி” என்ற சுருக்கத்தையும் “2-3” என்பதில் வரும் சிறுகோட்டையும் சொல்லாக விரித்திருப்பதைக் கவனியுங்கள். அந்தச் சிறுகோட்டைச் சில குரல்கள் விழுங்கிவிடும், அளவு சொல்லும் இடத்தில் அது ஆபத்து. பயனரின் கருவியில் தமிழ்க் குரலே நிறுவப்படவில்லை என்றால் `lang` மட்டும் உதவாது. அதை நிறுவும் வழியையும் செயலியில் சொல்லுங்கள்.

சரிபார்க்க, திரைவாசிப்பானை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை விரலால் தள்ளிப் பாருங்கள்: முழு வாக்கியமும் ஒரே மூச்சில் ஒலிக்க வேண்டும்.