அப்பாவின் ஈறில் வரும் இரத்தம்

கேள்வி:

அம்மா இறந்து ஆறு மாதம் ஆகிறது. அப்பாவுக்கு 69 வயது, கொட்டாஞ்சேனையில் தனியே இருக்கிறார். காலையும் இரவும் பாணும் பிளேன்டீயும்தான், மத்தியானம் கடைச் சோற்றுப் பார்சல். கேஸ்ட்ரைட்டிஸ் என்று புளிப்பையும், நீரிழிவு என்று பழத்தையும் அடியோடு விட்டுவிட்டார். சிகரெட்டை மட்டும் விடவில்லை. இப்போது ஈறு வீங்கி இரத்தம் வருகிறது, காலில் சிவப்புப் புள்ளிகள், எந்த நேரமும் அசதி. இரவில் படியிறங்கக் கண் சரியாகத் தெரியவில்லையாம். விற்றமின் குறைந்தால் மாலைக்கண் வரும், தேசிக்காய் கொடு என்கிறார் பக்கத்து வீட்டு அன்ரி. எல்லாம் ஒரே வருத்தமா? என்ன சாப்பிடக் கொடுப்பது?

– வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

முதலில் ஒன்றைப் பாருங்கள். அப்பாவுக்குக் காய்ச்சல் இருக்கிறதா, அல்லது கடந்த சில நாட்களில் இருந்ததா? இருந்தால் இன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். கொழும்பில் காய்ச்சலோடு ஈறில் இரத்தமும் தோலில் புள்ளிகளும் என்றால் முதலில் நினைக்க வேண்டியது டெங்கு.

காய்ச்சல் இல்லை, இதெல்லாம் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வந்தது என்றால், எனக்கு வரும் சந்தேகம் விற்றமின் சி குறைவதால் வரும் ஸ்கர்வி. பழைய காலக் கப்பலோட்டிகளின் நோய் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இன்று அது பெரும்பாலும் பிடிப்பது தனியே வாழ்ந்து, சமைக்க மனமில்லாமல், ஒரே சாப்பாட்டைத் திரும்பத் திரும்பச் சாப்பிடும் வயதானவர்களைத்தான்.

ஆடு, மாடு, நாய் எல்லாம் விற்றமின் சி-யைத் தம் உடம்பிலேயே செய்துகொள்கின்றன. மனிதனால் முடியாது. நன்றாகச் சாப்பிடும் ஒருவர் உடம்பில் ஏறத்தாழ 1500 மில்லிகிராம் இருக்கும். வரவு நின்றுவிட்டால், இருப்பதில் ஒரு நாளைக்கு 3 வீதம் அளவில் கரைந்துகொண்டே போகும். 300-ஐ நெருங்கும்போது நோய் வெளியே தெரிகிறது. கணக்குப் போட்டால் அதற்கு எட்டு வாரம் போதும். அப்பாவின் சாப்பாட்டை இதில் வைத்துப் பாருங்கள். பாணில் விற்றமின் சி கிடையாது, தேநீரில் இல்லை, சோற்றில் இல்லை, பொரித்த மீனில் இல்லை. பார்சலில் உள்ள மரக்கறியில் ஏதோ கொஞ்சம் இருந்திருக்கும், ஆனால் அது வெந்து, மணிக்கணக்கில் சூட்டிலேயே கிடந்தது. வரும் அந்தக் கொஞ்சத்தையும் சிகரெட் வேகமாகச் செலவழித்துவிடும். புகைப்பவருக்கு நாளொன்றுக்கு 35 மில்லிகிராம் கூடுதலாகத் தேவை.

இரத்தம் ஏன் கசிகிறது? தோல், ஈறு, இரத்தக்குழாய்ச் சுவர் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டி வைத்திருப்பது கொலாஜன் என்ற நார்ப் புரதம். அந்த நாரை முறுக்கேற்றி உறுதியாக்க விற்றமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் உடம்பு புதிதாகச் செய்யும் நார் தொய்ந்துபோகிறது, நுண்ணிய குழாய்கள் கசிகின்றன. அதனால் காலில் உள்ள புள்ளிகளை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மயிர்க்காலைச் சுற்றி இருக்கிறதா, அந்த மயிர் சுருண்டு நெளிந்திருக்கிறதா? இரண்டும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆறாத காயம் ஏதும் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அப்படியிருந்தாலும் வைத்தியரிடம் காட்டாமல் விடவேண்டாம். பல்லைச் சுற்றிய கிருமித் தொற்று, இரத்தத்தை இளக்கும் மருந்து, ஈரல் நோய், இரத்தப் புற்றுநோய் எல்லாமே இதே மாதிரி இரத்தத்தைக் காட்டக்கூடியவை. சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே சில விலகிவிடும். அப்பா எதையெல்லாம் சாப்பிடுவதை நிறுத்தினார், எப்போதிலிருந்து என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். வைத்தியர்கள் அவசரத்தில் கேட்க மறந்துவிடும் கேள்வி அது.

அப்பாவுக்குப் புளிப்பு ஆகாது என்றால் வற்புறுத்த வேண்டாம். புளிப்பும் விற்றமின் சி-யும் ஒன்றல்ல. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் ஸ்கர்வி வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு சோடிக்கும் வேறு வேறு மருந்து கொடுத்தார். வினாகிரி குடித்தவர்களும் ஐதாக்கிய கந்தக அமிலம் குடித்தவர்களும் எழும்பவில்லை. நாளுக்கு இரண்டு தோடம்பழமும் ஒரு எலுமிச்சையும் சாப்பிட்ட சோடிதான் ஆறு நாளில் தேறியது. நமது பழப்புளியும் வினாகிரி மாதிரித்தான். நாக்குக் கூசும் அளவுக்குப் புளிக்கும், விற்றமின் சி மிகக் குறைவு. புளிப்பே இல்லாத கொய்யாவில் கொட்டிக் கிடக்கிறது.

நடுத்தர அளவுள்ள ஒரு கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராம் வரை உண்டு. ஸ்கர்வி வராமல் தடுக்க நாளுக்கு 10 மில்லிகிராமே போதும், நல்ல நிலையில் இருக்க 90 அளவில் வேண்டும். ஈறு நோவதால் அப்பாவுக்குக் கடிக்க முடியாது. நன்றாகப் பழுத்ததாக வாங்கி, விதைப்பகுதியை எடுத்துவிட்டு, கரண்டியால் மசித்துக் கொடுங்கள். அடுத்த நாள் பப்பாசிப்பழம் ஒரு துண்டு. நீரிழிவுக்காரர் இந்த அளவு சாப்பிடலாம், பயப்படத் தேவையில்லை. சாறாக்கிச் சீனி போட்டுக் கொடுப்பதுதான் பிழை.

தேசிக்காய் கெட்டதல்ல, ஆனால் ஒரு சின்னக் காயின் சாற்றில் 10 மில்லிகிராம் அளவுதான் வரும். அதைக் கொதிக்கும் சொதியில் பிழிந்தால் அதிலும் குறையும். அடுப்பிலிருந்து இறக்கி, சற்று ஆறிய பிறகு தேசிக்காய்ப்புளி விடும் நம் பழக்கம் இந்த விடயத்தில் மிகச் சரியானது. கீரையும் அப்படித்தான். வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போட்டால் இருப்பது இருக்கும், அவித்துத் தண்ணீரை ஊற்றினால் தண்ணீரோடு போய்விடும். வைத்தியர் குளிசை எழுதினால், சொன்ன அளவில் கொடுங்கள். அப்பாவுக்குச் சிறுநீரகக் கல் இருந்திருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

இனி இரவுப் பார்வை. அது வேறு கதை. மாலைக்கண்ணுக்குக் காரணமான குறைபாடு விற்றமின் ஏ, அது தேசிக்காயில் பெயருக்குக்கூட இல்லை. மங்கிய ஒளியைப் பிடிக்கும் நிறப்பொருளைக் கண் அதிலிருந்துதான் செய்கிறது. ஆனால் விற்றமின் ஏ ஈரலில் சேமிக்கப்படும், நன்றாகச் சாப்பிட்டு வந்தவருக்கு அந்தச் சேமிப்பு பல மாதம், சிலருக்கு வருடத்துக்கு மேலும் தாங்கும். அதனால்தான் சேமிப்பு இல்லாத சின்னப் பிள்ளைகளை அது தாக்குகிறது. ஆறு மாதத்தில் அப்பாவுக்கு அது வற்றியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை, ஈரலிலோ குடலிலோ நோய் இருந்தாலொழிய. 69 வயதில், நீரிழிவோடு, இரவில் படி தெரியவில்லை என்றால் கண்புரையையும் விழித்திரைப் பாதிப்பையும்தான் முதலில் பார்க்க வேண்டும். எதிரே வரும் வாகன விளக்கு கண்ணைக் கூசுகிறதா என்று கேளுங்கள், கூசினால் புரையாக இருக்கலாம். கண் வைத்தியரிடம் விழித்திரையைக் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். விழித்திரைப் பாதிப்பு என்றால் கரட் சாப்பிட்டு ஆறாது.

விற்றமின் ஏ-க்கும் சேர்த்துச் சமைக்க விரும்பினால், முருங்கையிலையை அல்லது பூசணியைத் தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சுங்கள். அவற்றில் உள்ள மஞ்சள் சத்து கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஏறும், சூடு அதை அதிகம் கெடுக்காது. கொய்யாவைப் பச்சையாக, முருங்கையிலையைச் சமைத்து என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

இது ஸ்கர்விதான் என்றால் அசதி இரண்டு மூன்று நாளிலேயே குறையத் தொடங்கும். ஈறில் இரத்தம் ஒன்றிரண்டு வாரத்தில் நிற்கும், முழுதும் தேற மூன்று மாதம் ஆகலாம். முதல் நாளே அப்பாவின் காலைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். ஒழுங்காகக் கொடுத்தும் இரண்டு வாரத்தில் ஈறும் காலும் அப்படியே இருந்தால், அந்தப் படத்தோடு மறுபடியும் வைத்தியரிடம் போங்கள், காரணம் வேறெங்கோ இருக்கிறது.